தமனி சிரையைத் தாண்டும் இடம்

"கண்ணாடி மாத்தணுங்க" என்று சொல்லிக்கொண்டுதான் அவர் உள்ளே வந்தார். வயது 44, விசைத்தறிக் கூடத்தில் வேலை. பத்து நாளாகப் பாவில் இழை அறுந்தால் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கிறேன் என்றார். காலையில் எழுந்ததும் பின்மண்டை வலிக்கிறது. தறிச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வந்த வலி என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பெயரும் ஊரும் வேண்டாம். கண் மருத்துவரிடம் இப்படி வருகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் அவருடைய விழித்திரையில் இருந்தது போல, பழைய சேதமும் புதிய சேதமும் பக்கத்தில் பக்கத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரிவது அடிக்கடி வாய்ப்பதில்லை. அதனால்தான் இந்த அத்தியாயத்தை அவரோடு தொடங்குகிறேன்.

எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னோம். வலது கண்ணில் 6/18, இடது கண்ணில் 6/36. அதாவது, நல்ல கண் 36 மீட்டரிலிருந்து படித்துவிடும் எழுத்தை அவருடைய இடது கண் 6 மீட்டரில் வைத்தால்தான் படித்தது. அடுத்து, நடுவில் ஊசித்துளை போட்ட கறுப்பு அட்டையைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, அதன் வழியாகப் படிக்கச் சொன்னோம். எளிய சோதனை இது, ஆனால் நிறையச் சொல்லிவிடும். பார்வை மங்கலுக்குக் கண்ணாடிப் பவர் காரணமென்றால், சிறு துளை வழியே வரும் மெல்லிய ஒளிக்கற்றை விழித்திரையில் கூர்மையாக விழும், எழுத்து தெளிவாகும். இவருக்குத் தெளியவில்லை. இடது கண்ணில் இன்னும் மங்கியது. கோளாறு லென்ஸில் இல்லை, பின்னால் திரையில் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

விழித்திரையைப் பார்க்கப் பாவையை விரிக்கும் சொட்டு விடவேண்டும். நர்ஸ் சொட்டுப் புட்டியைக் கையில் எடுத்தபோது, "இருங்கம்மா, முதல்ல பிரஷர் பாருங்க" என்றேன். காரணம் இருக்கிறது. இங்கே வழக்கத்தில் உள்ள பல சொட்டுகளில் ட்ராபிகமைடோடு ஃபினைலெஃப்ரின் என்ற மருந்தும் கலந்திருக்கும். பாவையை விரிப்பதோடு ரத்தக் குழாய்களையும் அது சுருக்கும். மிகையான அழுத்தம் உள்ளவரின் கண்ணில் அதை விட்டால், உடம்பில் சிறிது கலந்து அழுத்தத்தை இன்னும் ஏற்றலாம். அப்படிப்பட்டவருக்கு ட்ராபிகமைடு மட்டும் போதும்.

வலது கையில் 224/136 காட்டியது. ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, பட்டையின் அளவு கைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, இடது கையில் மறுபடி அளந்தோம். 220/134.

"பிரஷர் இருக்குதுங்களா?"

"இருந்துச்சுங்க. மாத்திரை சாப்பிட்டேன், சரியாப் போயிருச்சு."

"எப்ப நிறுத்துனீங்க?"

அவர் யோசிப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டார். "சித்திரையிலயே நிறுத்திட்டாருங்க சார். தலைவலிதான் நின்னுபோச்சே, இனி எதுக்குன்னுட்டாரு."

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது மார்கழி மாதம். இடையில் எட்டு மாதம்.

அரைமணி நேரத்தில் பாவை விரிந்தது. ஸ்லிட் லாம்பின் முன் முகவாயை வைக்கச் சொல்லி, கண்ணுக்கும் கருவிக்கும் நடுவே 90 டி லென்ஸைப் பிடித்து உள்ளே பார்த்தேன். அங்கே தெரிந்ததைச் சொல்வதற்கு முன், கோளாறில்லாத கண்ணில் என்ன தெரியும் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆரஞ்சுச் சிவப்பு நிலம். அதில் மூக்குப் பக்கமாக, சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் குறுக்களவில், இளம் மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த வட்டம். பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வாசல் அது. கண் மருத்துவர்கள் டிஸ்க் என்போம். அதன் நடுவிலிருந்து ரத்தக் குழாய்கள் கிளம்பி, மேலும் கீழுமாக வளைந்து மரக்கிளை போலப் பிரியும். கொஞ்சம் வெளிர்ந்து, ஒல்லியாக, நடுவில் பளிச்சென்ற ஒளிக்கோடு ஓடினால் தமனி. கருஞ்சிவப்பாக, சற்றுத் தடித்திருந்தால் சிரை. தமனியின் அகலம் சிரையின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். டிஸ்கின் ஓரத்தில்கூடத் தமனி ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தில் ஒரு பங்கு அகலம்தான். வட்டத்துக்குக் காதுப் பக்கமாகக் குழாய்களே எட்டாத சிறு பகுதி இருக்கிறது. அதுதான் மஞ்சள் புள்ளி. வாசிப்பது, ஊசியில் நூல் கோப்பது, அறுந்த இழையைப் பிடிப்பது எல்லாம் அந்தப் புள்ளியின் வேலை.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நாம் பார்ப்பது குழாயை அல்ல, குழாய்க்குள் ஓடும் ரத்தத்தை. நல்ல நிலையில் உள்ள குழாயின் சுவர் கண்ணாடி போலத் தெளிந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. நடுவில் ஓடும் ஒளிக்கோடு, நம் விளக்கின் ஒளி அந்த வளைந்த பரப்பில் பட்டுத் திரும்புவதால் வருவது. ஆகவே சுவர் தெரிய ஆரம்பித்தால், ஒளிக்கோடு அகன்றால், சுவர் தடித்துவிட்டது என்று பொருள். உயர் ரத்த அழுத்தம் விழித்திரையில் எழுதுவதைப் படிக்க இதுதான் முதல் பாடம்.

இனி அவருடைய கண்ணுக்கு வருகிறேன். முதலில் பார்வையை இழுத்தது தமனிகளின் ஒல்லி. சிரையின் அகலத்தில் பாதிகூட இல்லை. அவற்றின் நடுக்கோடு அகன்று, நிறம் மங்கிய செம்புக்கம்பியின் நிறத்துக்குப் போயிருந்தது. கண் மருத்துவர்கள் இந்த நிலையைச் செம்புக்கம்பி என்றே சொல்வோம். சுவர் இன்னும் தடித்து உள்ளே ரத்தமே தெரியாமல் வெளுத்தால் வெள்ளிக்கம்பி. இவர் அந்த அளவுக்குப் போகவில்லை.

டிஸ்கிலிருந்து மேல் பக்கமாக, காதுப் புறம் வளையும் தமனியைப் பிடித்துக்கொண்டு போனேன். அது சிரையைத் தாண்டும் இடத்தில் லென்ஸை நிறுத்தினேன். பாவின்மேல் ஊடை போகிற மாதிரி, பெரும்பாலான இடங்களில் தமனி சிரையின் மேலாகத்தான் கடந்துபோகும். கடக்கும் இடத்தில் இரண்டையும் ஒரே உறை சேர்த்துக் கட்டியிருக்கும். தமனி தடித்து விறைத்தால், அந்த உறைக்குள் ஒதுங்க இடமில்லாமல் மெல்லிய சுவருள்ள சிரை நசுங்கும். சிரை இரு பக்கமும் கூர்ந்து, நடுவில் கிள்ளி எடுத்தது போல மறைந்து, மறுபக்கம் மீண்டும் தெரியும். லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் பணியாற்றிய மார்க்கஸ் கன் 1890களில் இதை விளக்கி எழுதினார். அதனால் கன் அடையாளம் என்று இதற்குப் பெயர். இவருடைய வலது கண்ணில் மூன்று கடப்பிடங்களில் இது இருந்தது.

மேல்புறக் காதுப் பக்கத்தில் இத்தகைய கடப்பிடங்கள் மற்ற பக்கங்களைவிட அதிகம். கிளைச் சிரை அடைபட்டு, அந்தக் கால்பகுதி முழுவதும் ரத்தம் கசிந்து பார்வை போகும் நோய் அங்கேதான் அதிகமாக வருகிறது. இவருக்கு அது வரவில்லை. வரக்கூடிய இடம் மட்டும் தயாராகியிருந்தது.

இவ்வளவும் பழைய எழுத்து. பத்து நாளில் தமனி தடிக்காது. எட்டு மாதத்தில்கூட இந்த அளவுக்கு வராது. மாத்திரை சாப்பிட ஆரம்பிப்பதற்கு முன்பும், சாப்பிட்ட காலத்தில் அரைகுறையாகக் கட்டுப்பட்டிருந்தபோதும், பல வருடமாக அழுத்தம் அந்தச் சுவரைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். விழித்திரைத் தமனிகளுக்குத் தனிக் குணம் உண்டு. கண்ணுக்குள் நுழைந்த பிறகு, அவற்றைச் சுருக்கவும் விரிக்கவும் மூளையிலிருந்து வரும் நரம்புக் கட்டளை கிடையாது. உள்ளே அழுத்தம் ஏறினால் தாமாகவே சுருங்கி, மெல்லிய நுண்குழாய்களை வெள்ளத்திலிருந்து காக்கும். மதகைப் பாதி இறக்கி வாய்க்காலைக் காப்பது போல. ஆண்டுக்கணக்கில் சுருங்கியே இருந்தால் சுவரின் தசை தடிக்கும், பிறகு தசை போய் அந்த இடத்தில் கண்ணாடி மாதிரி விறைத்த பொருள் சேரும். மதகு இறங்கிய நிலையிலேயே துருப்பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய மக்கள்தொகை ஆய்வுகளில் விழித்திரைப் படங்களை எடுத்துக் குழாய்களின் அகலத்தை அளந்து பார்த்தபோது, இதே கணக்குதான் கிடைத்தது. அமெரிக்காவில் நான்கு ஊர்களின் மக்களைத் தொடர்ந்து பார்த்துவந்த ஏ.ஆர்.ஐ.சி. ஆய்வு அவற்றில் ஒன்று. தமனிகள் பரவலாக ஒல்லியாவதும் கடப்பிடத்தில் சிரை நசுங்குவதும், இன்றைய அழுத்தத்தோடு மட்டும் அல்ல, சில ஆண்டுகளுக்கு முன் அளந்துவைத்த அழுத்தத்தோடும் சேர்ந்து போயின. ரத்தக் கசிவும் பஞ்சுப் புள்ளிகளுமோ இன்றைய அழுத்தத்தோடுதான் சேர்ந்து போயின. ஒரே திரையில் இரண்டு காலங்களின் கணக்கும் இருக்கிறது.

அவருடைய புதிய கணக்கை இனிப் பார்க்கலாம். டிஸ்கைச் சுற்றிலும், தமனிகளை ஒட்டியும், தீக்கொழுந்து மாதிரி நீண்டு நுனி சிதறிய சிவப்புக் கோடுகள் இருந்தன. ரத்தம் கசிந்து, விழித்திரையின் மேலடுக்கில் உள்ள நரம்பிழைகளுக்கு நடுவே பரவினால் இந்த வடிவம்தான் வரும். இழைகள் எந்தப் பக்கம் ஓடுகின்றனவோ, ரத்தமும் அந்தப் பக்கமே நீளும். நூல் சிப்பத்தின்மேல் சாயம் சிந்தினால் இழை வழியாகவே ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவற்றுக்கு நடுவே ஓரம் கலைந்த வெண்மையான திட்டுகள் ஏழெட்டு இருந்தன. இலவம்பஞ்சைக் கிள்ளி வைத்தது போல இருக்கும். பஞ்சுப் புள்ளி என்றே பெயர். பார்த்தால் ஏதோ கசிந்து தேங்கியது போலத் தோன்றும். ஆனால் அது கசிவு அல்ல. நுண்குழாய் அடைபட்டு ரத்தம் கிடைக்காத இடத்தில், நரம்பிழைக்குள் இரு திசையிலும் ஓடிக்கொண்டிருக்கும் சரக்குப் போக்குவரத்து நின்றுவிடுகிறது. வந்த சரக்கு அங்கேயே குவிந்து இழை வீங்குகிறது. அந்த வீக்கத்தைத்தான் நாம் வெள்ளையாகப் பார்க்கிறோம். அந்த இடத்தில் நரம்பு பட்டினி கிடக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

கடைசியில், மனசைக் கலங்கவைத்தது டிஸ்க். இரண்டு கண்ணிலும் அதன் ஓரம் அழிந்து, வட்டம் உப்பி, மேலே ஓடும் குழாய்கள் சில இடங்களில் புதைந்து மறைந்திருந்தன. இடது கண்ணில் மஞ்சள் புள்ளியின் மூக்குப் பக்கம், மெழுகு நிறத்தில் கதிர் கதிராகச் சில கோடுகள். பாதி நட்சத்திரம். ஓ.சி.டி. எடுத்தபோது மஞ்சள் புள்ளிக்கு அடியில் நீர் கோத்திருந்தது தெரிந்தது. அறுந்த இழை ஏன் தெரியவில்லை என்பதற்கு விடை அந்த நீர்தான். விழித்திரைக்கு அடியில் இருக்கும் கோராய்டு என்னும் ரத்தப் படலத்துக்கு, திரைத் தமனிகளைப் போலத் தன்னைக் காத்துக்கொள்ளும் திறமை அவ்வளவு இல்லை. அழுத்தம் திடீரென்று ஏறும்போது அதன் குழாய்கள் முதலில் புண்பட்டு நீர் கசியவிடும்.

மதகு உடைந்துவிட்டது என்று சொல்லலாம். சுருங்கிச் சுருங்கிக் காத்துவந்த தமனிகளால் இனித் தாங்க முடியவில்லை. சுவரே செத்துக் கசியத் தொடங்கியிருக்கிறது. இந்த நிலைக்கு மருத்துவத்தில் மாலிக்னன்ட் ஹைப்பர்டென்ஷன் என்று பெயர். புற்றுநோய்க்குச் சொல்லும் அதே சொல்தான், ஆனால் இங்கே கட்டி எதுவும் இல்லை. அந்தச் சொல் ஏன் வந்தது என்பதை அதன் வரலாறு சொல்லும்.

1939இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நார்மன் கீத், ஹென்றி வாகனர், நெல்சன் பார்க்கர் மூவரும் உயர் அழுத்தம் உள்ள 219 பேரை, விழித்திரையில் தெரிந்ததைக் கொண்டு நான்கு பிரிவாகப் பிரித்துத் தொடர்ந்து பார்த்ததை வெளியிட்டார்கள். தமனி சற்றே ஒல்லியாக இருப்பது முதல் பிரிவு. கடப்பிடங்களில் சிரை நசுங்கியிருந்தால் இரண்டாவது. ரத்தக் கசிவும் பஞ்சுப் புள்ளிகளும் சேர்ந்தால் மூன்றாவது. அதோடு டிஸ்கும் வீங்கினால் நான்காவது. அழுத்தத்தைக் குறைக்கும் நல்ல மருந்து எதுவும் இல்லாத காலம் அது. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, முதல் பிரிவில் நூற்றுக்கு 70 பேர் உயிரோடு இருந்தார்கள். நான்காம் பிரிவில் நூற்றுக்கு 6 பேர். மற்றவர்கள் சிறுநீரகம் செயலிழந்தோ, மூளையில் ரத்தம் கசிந்தோ, இதயம் தளர்ந்தோ இறந்துவிட்டார்கள். கண்ணால் யாரும் சாகவில்லை. கண்ணில் தெரிந்தது சிறுநீரகத்திலும் மூளையிலும் அதே நேரத்தில் நடந்துகொண்டிருந்தது. கருவில் மூளையிலிருந்து கிளைத்து முன்னால் நீண்டதுதான் விழித்திரை. அதன் சிறு தமனிகளும் மூளைக்குள் இருக்கும் சிறு தமனிகளும் நெருங்கிய உறவு.

அன்று மாலையே அவரைப் பொது மருத்துவரிடம் சேர்த்தோம். அனுப்பும் சீட்டில் இரண்டு விஷயங்களைத் தெளிவாக எழுதினேன். முதலாவது, இரண்டு டிஸ்கும் வீங்கியிருக்கின்றன என்பது. மூளைக்கட்டி போன்ற காரணங்களாலும் இரண்டு டிஸ்கும் வீங்கும் என்பதால் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டியதுதான். ஆனால் ஸ்கேனுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது. இரண்டாவது, அழுத்தத்தை ஒரேயடியாக இறக்க வேண்டாம் என்பது.

இரண்டாவது விஷயம் பலருக்கும் விசித்திரமாகத் தோன்றும். 224 ஆபத்து என்றால் 120க்குக் கொண்டுவந்தால் நல்லதுதானே? அவருடைய எண்களை வைத்தே பார்க்கலாம். கீழ் எண் 136. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 88. அதில் மூன்றில் ஒரு பங்கான 29ஐக் கீழ் எண்ணோடு கூட்டினால் 165. இதுதான் குழாய்கள் உணரும் சராசரி அழுத்தம். அவருடைய மூளையும் பார்வை நரம்பும் பல வருடமாக உயர்ந்த சராசரிக்குப் பழகிவிட்டன. தம்மைக் காத்துக்கொள்ளும் எல்லையையே மேலே நகர்த்தி வைத்திருக்கின்றன. விறைத்த அந்தக் குழாய்களால் உடனே விரிய முடியாது. நமக்குச் சாதாரணமான அழுத்தம் வந்தால், அவருடைய நரம்புக்கு அது வறட்சி. முன்பெல்லாம் பிரஷர் அதிகம் என்றால் நாக்கின் அடியில் நிஃபெடிபின் மருந்தைப் பிழிந்துவிடும் பழக்கம் இருந்தது. அழுத்தம் சரசரவென்று இறங்கி, சிலருக்குப் பக்கவாதமும் சிலருக்குப் பார்வை நரம்பு செத்து நிரந்தரக் குருடும் வந்த பிறகு அதைக் கைவிடச் சொன்னார்கள்.

ஆகவே முதல் சில மணி நேரத்தில் சராசரியை 20 முதல் 25 சதவீதம் மட்டும் இறக்குவார்கள். 165இல் 25 சதவீதம் குறைந்தால் சுமார் 124. கருவியில் ஏறத்தாழ 165/105. அன்று இரவு அவரை அங்கேதான் நிறுத்தினார்கள், அடுத்த நாட்களில் மெல்ல மெல்ல இறக்கினார்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் 2.6 இருந்தது, சிறுநீரில் புரதம் போனது, இசிஜியில் இதயத்தின் இடது அறை தடித்திருந்தது. கண்ணில் பார்த்ததற்கு மற்ற உறுப்புகளும் சாட்சி சொல்லின. சிறுநீரகத் தமனி ஏதாவது குறுகியிருக்கிறதா என்றும் தேடினார்கள், இல்லை.

மூன்று வாரம் கழித்து வந்தார். அழுத்தம் 150/94. தீக்கொழுந்துகள் பெரும்பாலும் வெளிறியிருந்தன, டிஸ்கின் வீக்கம் பாதிக்குமேல் வற்றியிருந்தது. ஆனால் அவருடைய மனைவி, படத்தைக் கணினித் திரையில் பார்த்துப் பதறிவிட்டார். இடது கண்ணில் முன்பு பாதியாக இருந்த நட்சத்திரம் இப்போது முழுதாக, மஞ்சள் புள்ளியைச் சுற்றிப் பளிச்சென்று இருந்தது.

"அப்ப இது பெருசாகலீங்களா சார்?"

பெரிதாகியிருக்கிறது, ஆனால் கெட்டுப்போகவில்லை. குழாயிலிருந்து கசிந்த நீரில் கொழுப்பும் புரதமும் கலந்திருந்தன. நீர் சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடும், கொழுப்பு அவ்வளவு எளிதில் போகாது. வயலில் தண்ணீர் வற்றிய பிறகு உப்பு பூப்பது போல, நீர் வற்ற வற்ற அந்தக் கொழுப்பு வெளியே தெரியும். மஞ்சள் புள்ளியைச் சுற்றி நரம்பிழைகள் நடுவிலிருந்து கதிராக விரிவதால் அதன் வடிவமும் நட்சத்திரம்தான். எந்தக் காயம் எவ்வளவு காலம் நிற்கும் என்று தெரியாவிட்டால் இப்படித் தப்பாகப் படித்துவிடலாம். தீக்கொழுந்து சில வாரங்களில் போகும். பஞ்சுப் புள்ளி ஒன்றிரண்டு மாதத்தில் மறையும். மறைந்த இடத்தில் நரம்படுக்கு சிறிது மெலிந்திருக்கும். நட்சத்திரம் பல மாதம் நிற்கும்.

இந்த மாதிரி ஆறுவதை முதலில் உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லத் தோன்றுகிறது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போய் டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் வால்டர் கெம்ப்னர். 1940களில், நல்ல மருந்துகள் வருவதற்கு முன், மோசமான அழுத்தம் உள்ளவர்களுக்குச் சோறும் பழமும் சர்க்கரையும் மட்டும் கொடுத்தார். உப்பு போடாத சோறு. கிட்டத்தட்ட சோடியமே இல்லாத அந்த உணவை மாதக்கணக்கில் சாப்பிடுவது பெரிய தண்டனைதான். ஆனால் அவர் விழித்திரையை முன்னும் பின்னும் படமெடுத்து வைத்திருந்தார். சிலருடைய படங்களில் டிஸ்க் வீக்கமும் ரத்தக் கசிவுகளும் அடியோடு மறைந்திருந்தன. நான்காம் பிரிவு என்றால் முடிவு என்று எண்ணியிருந்த மருத்துவர்களுக்கு, அழுத்தம் இறங்கினால் கண் திரும்பும் என்பதை அந்தப் படங்கள் காட்டின. நாம் தினமும் சாப்பிடுவதும் சோறுதான். ஆனால் ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் சேரும்போது அந்தச் சோற்றின் கணக்கு முற்றிலும் வேறு.

மூன்று மாதத்தில் அழுத்தம் 134/84. பார்வை வலது கண்ணில் 6/9, இடது கண்ணில் 6/12. நீர் வற்றிவிட்டது, நட்சத்திரத்தில் சில கதிர்கள்தான் மிச்சம். கிரியாட்டினின் 1.8இல் நின்றது, அதற்குக் கீழே இறங்கவில்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். சிவப்பும் வெள்ளையும் போய்ச் சுத்தமாக இருந்த இரண்டாவது படத்தில், மேல்புறம் தமனி சிரையைத் தாண்டும் இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த இடம் மட்டும் அப்படியே இருக்குதுங்க."

"அது அப்படியேதான் இருக்கும். பழைய முடிச்சு."

"அவுறாதுங்களா?"

அவிழாது என்றேன். இன்னும் இறுகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த தடவை தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். வயது 38, பார்வை இரண்டு கண்ணிலும் 6/6, எந்தத் தொந்தரவும் இல்லை. "எனக்குப் பாத்த மாதிரி இவனுக்கும் உள்ள பாருங்க சார், தெரிஞ்சுபோகுமில்ல" என்றார். பாவையை விரித்துப் பார்த்தேன். தமனிகள் ஒருவேளை கொஞ்சம் ஒல்லியாக இருக்கலாம். கடப்பிடங்கள் சுத்தமாக இருந்தன. கசிவு இல்லை, பஞ்சு இல்லை.

இங்கேதான் கண் பரிசோதனையின் எல்லை. ரத்தக் கசிவையும் டிஸ்க் வீக்கத்தையும் பார்த்தால் எந்த இரண்டு மருத்துவர்களும் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். தமனி சிறிது ஒல்லியாக இருக்கிறதா என்று கேட்டால், ஒரே கண்ணைப் பார்த்துவிட்டு இருவர் இரண்டு பதில் சொல்வார்கள். ஒரே மருத்துவர் மறுவாரம் பார்த்து வேறு பதில் சொல்வதும் உண்டு. வயதானாலே தமனி கொஞ்சம் மெலியும். கண்புரை இருந்தால் உள்ளே இருப்பதே மங்கித் தெரியும். ரத்தக் கசிவையும் பஞ்சுப் புள்ளியையும் சர்க்கரை நோயும் கடும் ரத்தசோகையும்கூட உண்டாக்கும், அதனால் பிரஷர் என்று முடிவுகட்டும் முன் அவற்றையும் பார்த்தாக வேண்டும். உயர் அழுத்தம் உள்ள பலருடைய விழித்திரை பல வருடம் எதையும் காட்டாமல் இருக்கும். கண் சுத்தமாக இருப்பதைப் பார்த்து அழுத்தம் இல்லை என்று நினைப்பது, வாசலில் ஈரம் இல்லை என்பதால் மழையே பெய்யவில்லை என்று சொல்வது போல. ஆகவேதான் லேசான அழுத்தம் உள்ள எல்லோருடைய கண்ணையும் வழக்கமாகப் பார்ப்பதில் பெரிய பயனில்லை என்று சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அழுத்தம் மிகவும் ஏறியவர்கள், சர்க்கரையும் சேர்ந்தவர்கள், பார்வையில் மாற்றம் உணர்பவர்கள், இந்தத் தம்பியின் அண்ணனைப் போல மாத்திரையை நிறுத்தியவர்கள் ஆகியோருக்குத்தான் இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும்.

தம்பியின் கையில் பட்டையைச் சுற்றினோம். 158/100. மருத்துவமனையில் பதற்றத்தில் ஏறியிருக்கலாம் என்பதால் மாத்திரை எதுவும் எழுதவில்லை. வீட்டில் கருவி வாங்கி, காலையிலும் மாலையிலும் உட்கார்ந்து அளந்து ஏழு நாளைக்கு எழுதிவரச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் தறி நோட்டிலிருந்து கிழித்த தாளில் பதினான்கு எண்களையும் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தார். அதில் பன்னிரண்டு 150ஐத் தாண்டியிருந்தன.